மூன்று எண்களில் யீல்டு வளைவு: பொருத்துவதும் முன்கணிப்பதும், நான் விழுந்த குழிகளோடு

அமெரிக்க அரசுப் பத்திரங்களின் யீல்டுகளை, அதாவது அவை தரும் வருட வருமான விகிதங்களை, எடுத்து, அவற்றின் ஊடாக ஒரு வழவழப்பான வளைவை வரைந்து, அடுத்த வருடம் அது எங்கே நிற்கும் என்று கணக்கிட வேண்டும். வேலை இவ்வளவுதான். இரண்டு நாளில் முடியும் என்று உட்கார்ந்தேன், மூன்று வாரம் ஆனது. அதில் பாதிக்கு மேல் போனது ஒரே ஒரு எண்ணின் அலகைத் தப்பாக எடுத்ததில். உங்களுக்கு அது வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

இங்கே பயன்படுத்துவது நெல்சன்–சீகல் வளைவு. அதை மாதாமாதம் பொருத்தி, வரும் மூன்று எண்களைக் காலத்தொடராக முன்கணிக்கும் முறை டீபோல்டும் லீயும் 2006-ல் வெளியிட்டது. சூத்திரம் இது:

```
y(τ) = β1 + β2·S(τ) + β3·C(τ)
S(τ) = (1 - e^(-λτ)) / (λτ)
C(τ) = S(τ) - e^(-λτ)
```

`τ` என்பது முதிர்வுக்காலம். `β1` லெவல்: வளைவு மொத்தமாக மேலே கீழே போவது. `β2` ஸ்லோப்: குறுகிய முனைக்கும் நீண்ட முனைக்கும் உள்ள சாய்வு. `β3` கர்வேச்சர்: நடுவில் விழும் தொங்கல் அல்லது திமில். `λ` மட்டும் கொஞ்சம் வில்லங்கம் பிடித்தது, அதற்குத் தனியாக வருகிறேன்.

## 1. தரவை எடுங்கள்

செலவு ஒன்றும் இல்லை. செயின்ட் லூயிஸ் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் ஃப்ரெட் தளத்தில் எல்லாம் இலவசம், கணக்குகூடத் தொடங்க வேண்டாம். `DGS3MO`, `DGS6MO`, `DGS1`, `DGS2`, `DGS3`, `DGS5`, `DGS7`, `DGS10` என்ற எட்டு தொடர்களை `dgs.csv` என்ற பெயரில் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளுங்கள். மூன்று மாதத் தொடர் 1981-ன் பிற்பகுதியில்தான் தொடங்குகிறது, ஆகவே உங்கள் பயணமும் அங்கிருந்துதான்.

20 வருடத்தையும் 30 வருடத்தையும் ஏன் விட்டேன் என்று கேட்பீர்கள். முதல் காரணம், இரண்டிலும் ஓட்டை உண்டு. 20 வருடத் தொடர் 1987 முதல் 1993 வரை இல்லை. 30 வருடம் 2002 முதல் 2006 வரை இல்லை, ஏனென்றால் அப்போது அந்தப் பத்திரத்தை வெளியிடுவதையே நிறுத்தி வைத்திருந்தார்கள். இரண்டாவது காரணம் படி 4-ல் வரும்.

கவனிக்க வேண்டிய ஒன்று: இந்தத் தொடர்கள் கூப்பன் தரும் பத்திரம் முகமதிப்பில் விற்றால் என்ன யீல்டு என்பதைச் சொல்பவை. இடையில் வட்டி தராமல் முடிவில் மட்டும் பணம் தரும் ஜீரோ கூப்பன் பத்திரத்தின் யீல்டு அல்ல. கண்டிப்பாகப் பார்த்தால் சூத்திரம் ஜீரோ கூப்பனுக்கு உரியது. லெவல், ஸ்லோப் எப்படி நகர்கின்றன என்று பார்க்கவும் கற்றுக்கொள்ளவும் இந்த வித்தியாசம் பெரிய தடை இல்லை. ஆனால் கிடைத்த வளைவை வைத்துப் பணப்பாய்வைத் தள்ளுபடி செய்து பத்திரத்துக்கு விலை போடக் கூடாது.

“அப்படியானால் ஃபெடரல் ரிசர்வ் வெளியிடும் ஜீரோ கூப்பன் கோப்பையே எடுத்துவிடலாமே” என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. `feds200628.csv` என்ற கோப்பு, அதுவும் இலவசம். பொருத்தினேன், பிழை கிட்டத்தட்ட இல்லை, குதூகலம். பிறகுதான் உறைத்தது: அந்த யீல்டுகளே இதே குடும்பத்து வளைவு ஒன்றைப் பொருத்தி எடுத்தவை. ஏற்கெனவே இஸ்திரி போட்ட சட்டைக்கு மறுபடி இஸ்திரி போட்டுவிட்டு, துணி எவ்வளவு நேர்த்தி என்று வியந்த கதை. முன்கணிப்புக்கு அதைப் பயன்படுத்தலாம், தப்பில்லை. வளைவு எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது என்பதற்கு அதைச் சாட்சிக்கு அழைக்கக் கூடாது.

## 2. மாதத்துக்கு ஒரு நாள்

தினசரித் தரவிலிருந்து ஒவ்வொரு மாதத்தின் கடைசி வணிக நாளை எடுங்கள். சராசரி எடுக்காதீர்கள். ஃப்ரெட்டில் `GS10` போன்ற மாதத் தொடர்கள் தயாராக இருக்கின்றன, ஆசை காட்டும். அவை மாதச் சராசரிகள்.

சராசரியில் என்ன கெடுதல்? யீல்டு தினமும் போன போக்கில் நடக்கிறது என்றே வையுங்கள், முன்கணிக்க எதுவும் இல்லை. அதை மாதாமாதம் சராசரி எடுத்தால், இந்த மாத மாற்றத்துக்கும் அடுத்த மாத மாற்றத்துக்கும் இடையே கிட்டத்தட்ட 0.25 தொடர்பு தானாக முளைத்துவிடும். உங்கள் மாடல் அதைப் பிடித்துக்கொண்டு, ஒரு மாத முன்கணிப்பில் கெட்டிக்காரத்தனம் காட்டும். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை வைத்துச் சந்தையில் ஒரு டாலரும் பார்க்க முடியாது, ஏனென்றால் சராசரி விலையில் யாரும் வாங்குவதில்லை.

விடுமுறை நாள்கள் காலியாகவோ வெறும் புள்ளியாகவோ வரும். எட்டு முதிர்வில் ஒன்று இல்லையென்றாலும் அந்த நாளைத் தள்ளிவிட்டு முந்தைய நாளை எடுத்துக்கொள்வது சுலபம்.

## 3. லாம்டாவைப் பூட்டி வையுங்கள்

நான் தொலைந்த இடம் இதுதான். `S`, `C` இரண்டும் முதிர்வோடு எவ்வளவு வேகமாகத் தேயும் என்பதை முடிவு செய்யும் எண் `λ`. அதையும் மாதாமாதம் மதிப்பிடலாம். ஆனால் அப்படிச் செய்தால் நேரியல் அல்லாத தேடல் ஒவ்வொரு மாதமும் வெவ்வேறு பள்ளத்தில் போய் விழும், மூன்று எண்களும் மாதத்துக்கு மாதம் குதிக்கும். குதிக்கும் தொடரை முன்கணிக்க முடியாது. எனவே டீபோல்டும் லீயும் செய்தது போல `λ = 0.0609` என்று நிறுத்திவிடுங்கள். கர்வேச்சரின் எடை 30 மாத முதிர்வில் உச்சத்துக்கு வரும்படி தேர்ந்தெடுத்த எண் அது. பூட்டிவிட்டால் மீதி எல்லாம் சாதாரணக் குறைந்த வர்க்கக் கணக்கு. மொத்த வரலாறும் ஒரு நொடிக்குள் முடியும்.

இப்போது குழி. 0.0609 என்பது `τ` மாதத்தில் இருக்கும்போது. வருடத்தில் வைத்தால் 0.7308. நான் முதிர்வை வருடத்தில் வைத்துக்கொண்டு 0.0609-ஐப் போட்டேன். பிழைச் செய்தி எதுவும் வராது. படம்கூடப் பார்க்க நன்றாகவே இருக்கும், புள்ளிகளிலிருந்து சராசரியாகப் பத்து பதினைந்து பேசிஸ் பாயின்ட், அதாவது 0.10–0.15 சதவீதப் புள்ளி, தள்ளி ஒழுங்காக ஓடும். ஆனால் 29 டிசம்பர் 2023 தரவுக்கு லெவல் 60-ஐ ஒட்டி வரும், ஸ்லோப் கழித்தல் 55 பக்கம். நீண்ட கால வட்டி அறுபது சதவீதமாம்! நான் லெவலைப் பார்க்கவே இல்லை, படத்தை மட்டும் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டு, முன்கணிப்பு ஏன் இப்படித் தாறுமாறாக அலைகிறது என்று வாரக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

காரணம் எளிது. `λ` அளவுக்கு மீறிச் சிறியதாகும்போது `S`-உம் `C`-உம் பத்து வருடத்துக்குள் கிட்டத்தட்ட நேர்கோடுகளாகிவிடுகின்றன. ஒன்று இறங்க இன்னொன்று ஏறுகிறது, இரண்டும் ஒரே தகவல்தான். எந்த எடையையும் ஒன்றுக்குக் கொடுத்து மற்றதில் கழித்துக்கொள்ளலாம். கண்டுபிடிக்க ஒரே வரி போதும்: `S`, `C` இரண்டுக்கும் உள்ள தொடர்பைக் கணக்கிடுங்கள். சரியான அலகில் எட்டு முதிர்வுக்கும் −0.32 வரும். என் தப்பில் −0.998 வந்தது.

## 4. ஒரு நாளைக் கையால் பொருத்திப் பாருங்கள்

மொத்த வரலாற்றையும் ஓடவிடும் முன் ஒரே ஒரு நாளை எடுத்து, விடை வருகிறதா என்று பாருங்கள். 29 டிசம்பர் 2023-ன் யீல்டுகள், சதவீதத்தில்: 3 மாதம் 5.40, 6 மாதம் 5.26, 1 வருடம் 4.79, 2 வருடம் 4.23, 3 வருடம் 4.01, 5 வருடம் 3.84, 7 வருடம் 3.88, 10 வருடம் 3.88.

```python
import numpy as np, pandas as pd
cols = ["DGS3MO","DGS6MO","DGS1","DGS2",
        "DGS3","DGS5","DGS7","DGS10"]
tau = np.array([3,6,12,24,36,60,84,120])
Y = pd.read_csv("dgs.csv", index_col=0,
      parse_dates=True, na_values=".")[cols].dropna()
Y = Y.groupby(Y.index.to_period("M")).last()
x = 0.0609*tau
S = (1-np.exp(-x))/x
C = S-np.exp(-x)
X = np.column_stack([np.ones(8), S, C])
B = np.linalg.lstsq(X, Y.values.T, rcond=None)[0].T
```

டிசம்பர் 2023 வரியில் உங்களுக்கு லெவல் 3.91, ஸ்லோப் 1.91, கர்வேச்சர் −2.26 வர வேண்டும். வரவில்லையென்றால் மேலே போகாதீர்கள், அலகையோ முதிர்வுகளின் வரிசையையோ பாருங்கள்.

இப்போது வளைவு எங்கே பிசகுகிறது என்று பாருங்கள். 2 வருடத்திலிருந்து 10 வருடம் வரை பிழை நான்கு பேசிஸ் பாயின்ட்டுக்குள். குறுகிய முனையில் கொஞ்சம் திணறுகிறது: 3 மாதத்துக்கு 5.47 என்கிறது, உண்மை 5.40. 6 மாதத்துக்கு 5.19 என்கிறது, உண்மை 5.26. ஒன்றை ஏழு பேசிஸ் பாயின்ட் ஏற்றி, அடுத்ததை ஏழு பேசிஸ் பாயின்ட் இறக்கி சமாளித்திருக்கிறது. வட்டிக் குறைப்பு எப்போது தொடங்கும் என்று சந்தை கணக்குப் போடும் நேரங்களில் முதல் சில மாதங்கள் தட்டையாகப் போய்ப் பிறகு சட்டென்று விழும். மூன்று எண்களுக்கு அந்த முழங்கையை வரையத் தெரியாது.

சரி, 20 வருடத்துக்கு வருவோம். இதே மூன்று எண்களை நீட்டினால் 20 வருடத்துக்கு 3.89 வருகிறது. அன்றைய உண்மை 4.20. 30 வருடத்துக்கு 3.90 வருகிறது, உண்மை 4.03. இருபது வருடம் முப்பதைவிட மேலே துருத்திக்கொண்டு நிற்கிறது. இந்த வகை வளைவு அப்படி ஒரு புடைப்பைப் பத்து வருடத்துக்கு அப்பால் போட முடியாது. அதைச் சேர்த்தால் அந்த ஒரு புள்ளிக்காக லெவல் மேலே இழுபடும், மற்ற எல்லாம் கெடும். நீண்ட முனை உங்களுக்கு முக்கியம் என்றால் நான்காவது காரணி சேர்க்கும் ஸ்வென்சன் வடிவத்துக்குப் போங்கள். இந்தக் கட்டுரைக்கு அது வேண்டாம்.

## 5. ஸ்லோப்பின் குறி

ஸ்லோப் 1.91 என்று கூட்டலில் வந்ததும் “வளைவு மேல்நோக்கிப் போகிறது” என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். தலைகீழ். `S(τ)` குறுகிய முனையில் 1-க்கு அருகில், நீண்ட முனையில் 0-க்கு அருகில். ஆகவே `β2` கூட்டலாக இருந்தால் குறுகிய முனைதான் தூக்கி நிற்கிறது. சந்தை வழக்கில் ஸ்லோப் என்றால் 10 வருடத்திலிருந்து 3 மாதத்தைக் கழித்தது. மாடலிலிருந்து அதை எடுக்க:

```
y(120) - y(3) = -0.777·β2 + 0.055·β3
```

நம் நாளுக்கு −1.484, அதோடு −0.124, ஆக −1.61. உண்மைத் தரவில் 3.88 − 5.40 = −1.52. குறி சரி, அளவும் பக்கத்தில். அறிக்கையில் இந்த வித்தியாசத்தையே போடுங்கள், `β2`-வை அல்ல. படிப்பவர்களில் பாதிப் பேர் குறியைத் தப்பாகத்தான் எடுப்பார்கள்.

## 6. முன்கணிப்பு

ஒவ்வொரு காரணிக்கும் தனித்தனியாக, அதன் பழைய மதிப்பைக் கொண்டே புதிய மதிப்பைக் கணிக்கும் ஒரு எளிய தற்தொடர்பு போதும். 12 மாதம் கழித்து வேண்டுமென்றால், ஒரு மாத மாடலைப் பன்னிரண்டு முறை சுற்ற வேண்டாம். இன்றைய மதிப்பை 12 மாதத்துக்கு முந்தைய மதிப்பின் மேல் நேராகப் பொருத்துங்கள்.

```python
def direct(b, h):
    g, c = np.polyfit(b[:-h], b[h:], 1)
    return c + g*b[-1]
f = [direct(B[:,k], 12) for k in range(3)]
```

இந்தக் கணக்கு ஒவ்வொரு காரணியையும் அதன் நீண்டகாலச் சராசரியை நோக்கி இழுக்கும். ஸ்லோப்புக்கு அது நியாயம். தலைகீழ் வளைவு என்றென்றும் தலைகீழாக நிற்பதில்லை, மத்திய வங்கி வட்டியை ஏற்றி இறக்கும் சுற்றோடு அது போய்த் திரும்பி வருகிறது.

லெவலுக்கு அது நியாயம் இல்லை. 10 வருட யீல்டு 1981-ல் 15 சதவீதத்தைத் தாண்டியது, ஆகஸ்ட் 2020-ல் 0.52 வரை இறங்கியது. நடுவில் நாற்பது வருடம் ஒரே இறக்கம். அதற்கு “சராசரி” எது? 1981-லிருந்து தரவைக் கொடுத்தால், மாடல் வருடாவருடம் “இனி ஏறும், இனி ஏறும்” என்று சொல்லி வருடாவருடம் தோற்றிருக்கும். என் பழக்கம்: ஸ்லோப்புக்கும் கர்வேச்சருக்கும் தற்தொடர்பு, லெவலை இன்று இருக்கும் இடத்திலேயே விட்டுவிடுவது. புத்திசாலித்தனமாகத் தெரியாது, ஆனால் குறைவாக அடி வாங்கும்.

ஒரு வருடம் ஓட்டிப் பார்ப்போம். சராசரியும் கெழுவும் நீங்கள் எடுக்கும் காலத்தைப் பொறுத்து மாறும் என்பதால், இங்கே விளக்கத்துக்கு உருண்டை எண்கள் வைக்கிறேன், மதிப்பிட்டவை அல்ல: ஸ்லோப்பின் சராசரி −2, கெழு 0.5, கர்வேச்சரின் சராசரி −1, கெழு 0.4. அப்போது ஸ்லோப் −2 + 0.5 × (1.91 + 2), அதாவது −0.05. கர்வேச்சர் −1.50. லெவல் அப்படியே 3.91. இவற்றை வளைவில் போட்டால் 3 மாதம் 3.74, 10 வருடம் 3.70.

31 டிசம்பர் 2024-ல் நடந்தது: 3 மாதம் 4.37, 10 வருடம் 4.58. அன்றைய எட்டு யீல்டையும் பொருத்தினால் லெவல் 4.82, ஸ்லோப் −0.42, கர்வேச்சர் −1.33 வருகிறது. சந்தை வழக்கு ஸ்லோப் −1.52-லிருந்து +0.21-க்கு வந்துவிட்டது. நம் கணக்கு −0.04 என்றது. அந்த ஒன்றேமுக்கால் புள்ளி நகர்வில் ஒன்றரையை உருண்டை எண்களே பிடித்துவிட்டன. லெவலில் மட்டும் 0.91 புள்ளி சறுக்கல். ஃபெடரல் ரிசர்வ் 2024 செப்டம்பர் முதல் டிசம்பருக்குள் ஒரு முழுப் புள்ளி வட்டியைக் குறைத்தது, நீண்ட முனை அதற்கு எதிர்த்திசையில் ஏறியது. அதைச் சொல்லக்கூடிய தகவல் 2023 டிசம்பர் வளைவுக்குள் இல்லை.

எனவே ஸ்லோப் முன்கணிப்பையும் லெவல் முன்கணிப்பையும் ஒரே நம்பிக்கையோடு யாரிடமும் கொடுக்காதீர்கள். “10 வருடம் 3.70” என்ற எண்ணில் இரண்டும் கலந்திருக்கிறது, அதைப் பிரித்துக் காட்டுங்கள்.

## 7. சோதித்துப் பாருங்கள், நேர்மையாக

ஒரு வருடம் சரியாக வந்தது ஒன்றையும் நிரூபிக்காது. ஒவ்வொரு மாதத்திலும் நின்று, அதுவரை தெரிந்ததை மட்டும் கொடுத்து முன்கணித்து, பின்னால் வந்ததோடு ஒப்பிட வேண்டும். கீழே ஸ்லோப்புக்கு மட்டும்:

```python
h = 12; e_m = []; e_rw = []
b = B[:,1]
for t in range(120, len(b)-h):
    e_m.append(b[t+h] - direct(b[:t+1], h))
    e_rw.append(b[t+h] - b[t])
rmse = lambda e: np.sqrt(np.mean(np.square(e)))
print(rmse(e_m), rmse(e_rw))
```

`b[:t+1]` என்பதில்தான் உயிர் இருக்கிறது. அங்கே முழு `b`-யைக் கொடுத்தால் எதிர்காலத்தை எட்டிப் பார்த்துவிட்டு முன்கணிப்பதாகிவிடும். எனக்கு ஒரு தடவை முடிவு அசாத்தியமாக வந்தது, கூட இருந்த ஒரு சீனியர் படத்தைப் பார்த்ததும் “எங்கேயோ எட்டிப் பார்த்திருக்கிறாய்” என்றார். பார்த்திருந்தேன்.

இரண்டாவது எண்தான் உங்கள் எதிராளி: “இன்று உள்ளதே அன்றும் இருக்கும்.” ஒரு மாத முன்கணிப்பில் இதை ஜெயிப்பது மிகக் கடினம். டீபோல்ட்–லீ ஆய்விலும் ஒரு மாதத்தில் பெரிய ஆதாயம் இல்லை, 12 மாதத்தில்தான் முன்னேற்றம் தெரிந்தது. அவர்களின் சோதனை 1994 முதல் 2000 வரை. பிற்காலத் தரவில் அந்த ஆதாயம் எல்லாக் காலத்திலும் நிற்கவில்லை என்று பலர் காட்டியிருக்கிறார்கள். அதனால் மொத்த பிழையை ஒரே எண்ணாகச் சொல்லாமல், பத்தாண்டு வாரியாகப் பிரித்துப் பாருங்கள். 2009-க்குப் பிறகு வட்டி பூஜ்ஜியத்தில் ஒட்டிக்கொண்ட வருடங்களில் குறுகிய முனைக்குக் கழித்தல் யீல்டு வந்தால் திகைக்க வேண்டாம், மாடலுக்குத் தரை எங்கே என்று தெரியாது.

12 மாதச் சோதனையில் இன்னொன்று: அடுத்தடுத்த இரண்டு முன்கணிப்புகள் பதினோரு மாதத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. 240 முன்கணிப்பு இருக்கிறதே என்று நினைக்கலாம், உண்மையில் தனித்தனியாக நிற்பவை இருபது வருடம்தான். மென்பொருள் தரும் வழக்கமான நம்பிக்கை இடைவெளி அதனால் ரொம்பக் குறுகலாக வரும், அதை அப்படியே நம்பாதீர்கள்.

## நேரக் கணக்கு

தரவு இறக்கிச் சுத்தம் செய்ய ஒரு மாலை. டிசம்பர் 2023 விடை வரும்வரை இன்னொரு மாலை. சோதனைக்கு ஒரு வாரக்கடைசி. அதன் பிறகு மாதத்துக்குப் பத்து நிமிடம்: கடைசி வணிக நாளின் எண்கள் தளத்தில் ஏற ஓரிரு நாள் விட்டுவிட்டு, கோப்பைப் புதிதாக இறக்கி ஓட்டுங்கள். ஓட்டியதும் முதலில் லெவலைப் பாருங்கள். அது 10 வருட யீல்டிலிருந்து வெகுதூரம் ஓடியிருந்தால் முன்கணிப்பைத் திறக்கவே வேண்டாம், படி 3-க்குத் திரும்புங்கள்.